புதுப் பொறிகிட்ட எலி ஏன் வர மாட்டேங்குது? மூணாங்கட்டு சாமான் ரூம்ல நாங்க பட்ட பாடும் சரி பண்ண விதமும்

எங்க பள்ளத்தூர் வீடு வருஷத்துல பத்து மாசம் பூட்டியேதான் கிடக்கும். பங்காளிங்க எல்லாரும் ஆளுக்கொரு ஊர்ல, பொங்கலுக்கும் கல்யாணம் காட்சிக்கும்தான் திறப்போம். இந்த தடவை தங்கச்சி கல்யாணம்னு ஒரு மாசம் முன்னாடியே நான் வந்துட்டேன், வந்து மூணாங்கட்டு சாமான் ரூமைத் திறந்தா நிலக்கடலை மூட்டை அடியில ஓட்டை, கொப்பரைத் தேங்காய் எல்லாம் ஓரம் ஓரமா கடிச்சு வச்சிருக்கு, தரை பூரா புழுக்கை. அன்னிக்கே காரைக்குடி போய் புதுசா ஒரு கம்பிக் கூண்டு வாங்கி, சூடா மசால் வடை மாட்டி, ரூம் நடுவுல ஜம்முனு வச்சேன். ஆறு ராத்திரி. ஒண்ணும் விழலை. வடை பூசணம் பூத்துப் போச்சு.

அப்பத்தா சொன்னது, "நீ பொறி வைக்கிறேன் பொறி வைக்கிறேன்னு வளவு பூரா கத்துனியே, அதுக்குக் காது கேக்காதா?" பொறி வைக்கிற அன்னிக்கு அப்பத்தா யாரையும் எலிங்கிற வார்த்தையவே சொல்ல விடாது. சிரிப்பா இருந்தாலும் அப்பத்தா பாத்த விஷயம் நிஜம்தான், பொறி வச்ச அன்னிக்கு எலி வராது, ஆனா காரணம் காது இல்லை. கீழ நான் ஒவ்வொரு அறிகுறியா எழுதியிருக்கேன், உங்க வீட்ல எது நடக்குதோ அதைப் பாத்துக்கோங்க, ஆனா முதல் ஒண்ணை மட்டும் எல்லாரும் படிச்சிடுங்க, மத்ததெல்லாம் அதுலேர்ந்துதான் வருது.

அறிகுறி 1: பொறி வச்சு ஒரு வாரம் ஆச்சு, இரை அப்படியே இருக்கு, ஆனா எலி ரூம்ல நடமாடுது

முதல்ல எலி நிஜமாவே நடமாடுதான்னு உறுதி பண்ணிக்கோங்க. புதுப் புழுக்கை கருப்பா மினுமினுன்னு கொஞ்சம் மெத்துனு இருக்கும், பழசு சாம்பல் பூத்து குச்சியால தொட்டா பொடிஞ்சிடும். இதை விட நல்ல வழி கோலமாவு. கல்லுக் கோலமாவுதான் வேணும், அரிசி மாவு போட்டுடாதீங்க, அதையே தின்னுட்டுப் போயிடும். சுவர் ஓரமா ஒரு அடி நீளத்துக்கு மெலிசா தூவி வச்சா காலையில கால் தடம் தெளிவா விழுந்திருக்கும், நடுவுல வால் இழுத்த கோடும் சில நேரம் தெரியும்.

நான் ஏழாவது நாள் கூண்டைச் சுத்தி மாவு தூவிப் பாத்தேன். காலையில பாத்தா தடம் கதவு இடுக்குலேர்ந்து கிளம்பி, சுவர் ஓரமாவே வந்து, மூட்டைக்குப் பின்னாடி போய், அப்படியே திரும்பியிருக்கு. கூண்டு பக்கம் ஒரு கால்கூட வைக்கலை. கூண்டு இருந்தது ரூம் நடுவுல, எலி போறது சுவர் ஓரத்துல. சரின்னு கூண்டைத் தூக்கி அந்த தடத்து மேலயே வச்சேன், மறுநாள் தடமே மாறிப் போச்சு, கூண்டு வந்த இடத்துக்கு ரெண்டு முழம் முன்னாடியே சுவரை விட்டு விலகி எதிர் ஓரத்துக்குப் போயிருக்கு. அப்பதான் புரிஞ்சது, இடமும் தப்பு, அவசரமும் தப்பு.

வீட்டு எலிக்கு தெரிஞ்ச இடத்துல திடீர்னு வந்த எந்தப் பொருளும் ஆகாது. அது பொறின்னு கண்டுபிடிச்சு ஒதுங்கலை, செங்கல்லை வச்சாலும் ஒதுங்கும், செருப்பை வச்சாலும் ஒதுங்கும். எலிக்குக் கண் பார்வை மோசம், இருட்டுல அது வழியை மனசுல வச்சிருக்கிறது மீசையாலயும் உடம்பு சுவர்ல உரசுற உணர்ச்சியாலயும் மூக்காலயும்தான். தினமும் ஓடுற வழியில எங்க என்ன இருக்குன்னு மனப்பாடம், அதுல ஒண்ணு மாறினா சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேல, அந்தப் பக்கமே தலை வைக்காது. மனுஷனை ஒட்டியே எத்தனையோ தலைமுறையா பொழைச்ச பிராணி, அவன் புதுசா வச்ச எதையும் சந்தேகமாப் பாத்ததுதான் மிஞ்சியிருக்கு.

இதுல நம்ம ஊர் வீட்டுக்குன்னு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. குப்பை மேட்டுல திரியுற எலிக்கு தினமும் புதுப் பொருள் வந்து விழும், அதனால அது இவ்வளவு பயப்படாது. பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீட்ல மாசக் கணக்கா ஒரு பித்தளை அண்டாகூட நகராது, அந்த எலிக்கு ரூம்ல இருக்கிற ஒவ்வொரு சாமானும் பழக்கம், அங்க பளபளன்னு ஒரு புதுக் கூண்டு வந்து உக்காந்தா அது ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரிதான். நான் வேற வந்த அன்னிக்கே அண்டா, ட்ரங்குப் பெட்டி, மூட்டை எல்லாத்தையும் இழுத்துப் போட்டு ரூமைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் கூண்டு வச்சேன். அதாவது ரூம் பூராவே புதுசு பண்ணி விட்டுட்டேன். நீங்க அப்படிப் பண்ணாதீங்க. தின்றதை டின்ல போட்டு மூடுங்க, அவ்வளவுதான், சாமானை நகத்துற வேலையை எலி பிடிச்சதுக்கு அப்புறம் வச்சுக்கோங்க.

சரி பண்ற வழி: பொறியை ஏத்தாம இரை மட்டும் வச்சுப் பழக்குறது

இது ரொம்பப் பழைய வித்தை. இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டன்ல தானியத்தைக் காப்பாத்த ஆக்ஸ்போர்டுல சார்லஸ் எல்டன் குழுவினர் எலி ஒழிப்பை உக்காந்து ஆராய்ச்சி பண்ணாங்க, விஷம் வைக்கிறதுக்கு முன்னாடி சில நாள் விஷம் கலக்காத வெறும் தீனியை வச்சுப் பழக்கினா அப்புறம் எலி நிறைய தின்னுதுன்னு அப்பவே தெரிஞ்சது. பொறிக்கும் அதே கணக்குதான்.

நாங்க பண்ணதை நாள் வாரியா சொல்றேன். கையில இருந்தது மூணு கம்பிக் கூண்டு (ஒண்ணு என்னோட புதுசு, ரெண்டு வீட்டைப் பாத்துக்கிற அண்ணே பக்கத்து வீட்லேர்ந்து வாங்கிட்டு வந்தது), அப்புறம் ஸ்பிரிங் அடிக்கிற மரப்பலகைப் பொறி நாலு. எலி கொஞ்சமா இருந்தாலும் பொறி நிறைய வேணும், ஒத்தைக் கூண்டை வச்சுட்டு காத்திருந்தா ஆயுசுக்கும் காத்திருக்கணும்.

முதல் நாள் பொறியே வைக்கலை. ஆறு இடத்துல கோலமாவு மட்டும் தூவினோம். காலையில மூணு இடத்துல தடம். கதவு நிலை ஓரம், கடலை மூட்டைக்குப் பின்னாடி சுவர் அடி, அப்புறம் மேல, ஓட்டுக்குக் கீழ சுவர் தலைப்புல. மேல தூவச் சொன்னது அண்ணேதான், "தம்பி, கொப்பரை தொங்குறது உத்தரத்துல, அது தரை வழியா ஏறலை, மேலேர்ந்துதான் இறங்குது"ன்னாரு. சரியாப் போச்சு. முட்டைப் பூச்சு சுவர் இருக்கிற வீடுன்னா இந்தத் தேடல் இன்னும் சுலபம், வெள்ளை வழவழன்னு இருக்கிறதால எலி உடம்பு எண்ணெயும் அழுக்கும் பட்டுப் பட்டு தரையிலேர்ந்து ரெண்டு விரக்கடை உயரத்துல கருப்பா ஒரு கோடு ஓடும், விரலை வச்சுத் தேச்சா பிசுபிசுன்னா அது இப்பவும் நடக்கிற வழி.

ரெண்டாம் நாள் எல்லாப் பொறியையும் அந்த மூணு தடத்துலயும் வச்சோம், ஒண்ணையும் ஏத்தலை. கூண்டுக் கதவை கட்டுக்கம்பியால தூக்கிக் கட்டிட்டோம், என்ன ஆட்டினாலும் விழக்கூடாது. இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, பழக்குற நாள்ல ஒரு தடவை கதவு டப்புனு விழுந்து எலி பயந்து ஓடிச்சுன்னா அத்தனை நாள் உழைப்பும் போச்சு. ஸ்பிரிங் பொறியை சும்மா மடக்காம விட்டோம்.

இரை என்ன வச்சோம்னா, மசால் வடை இல்லை. அந்த மூட்டையிலேர்ந்தே எடுத்த நிலக்கடலை. எலி புதுப் பொருளுக்குப் பயப்படுற மாதிரியே புது ருசிக்கும் பயப்படும், அதுங்க ரெண்டு மாசமா தின்னுக்கிட்டு இருக்கிறதையே கொடுத்தா ஒரு சந்தேகம் குறையும். மூட்டையை டின்ல கொட்டி மூடிட்டோம், இப்ப கடலை வேணும்னா பொறிகிட்டதான் வரணும். ஒவ்வொரு இடத்துலயும் எண்ணி வச்சோம், அஞ்சு கடலை பொறியிலேர்ந்து ஒரு அடி தள்ளி, அஞ்சு வாய்ல, அஞ்சு உள்ள. எண்ணி வச்சாத்தான் காலையில எது போச்சுன்னு தெரியும்.

- ரெண்டாம் ராத்திரி: ரெண்டு இடத்துல தள்ளி வச்சது மட்டும் காலி. வாய்ல இருந்தது அப்படியே.
- மூணாம் ராத்திரி: அதேதான்.
- நாலாம் ராத்திரி: கதவு நிலை ஓரக் கூண்டு வாய்ல இருந்தது போச்சு.
- அஞ்சாம் ராத்திரி: ரெண்டு கூண்டுல உள்ள வச்சதும் காலி, ஒரு ஸ்பிரிங் பொறி மேல இருந்ததும் காலி.
- ஆறு, ஏழு: மூணு கூண்டும் காலி, நாலு ஸ்பிரிங் பொறியில மூணு காலி. மிச்சம் ஒண்ணை யாரும் சீண்டலை.

அஞ்சாம் நாள் காலையிலயே எனக்குக் கை அரிச்சது, இன்னிக்கே ஏத்திடலாம்னு. அண்ணே விடலை. ரெண்டு கூண்டுல தின்னது ஒரே எலியாக்கூட இருக்கலாம், தைரியசாலி ஒண்ணு ரெண்டு முதல்ல வரும், பயந்தாங்கொள்ளி பின்னாடி வரும். தைரியசாலியை மட்டும் பிடிச்சா அது கூண்டுக்குள்ள கத்துறதை மத்தது பாத்துக்கிட்டு இருக்கும். அதனால விதி என்னன்னா, பெரும்பாலான பொறியில தொடர்ந்து ரெண்டு ராத்திரியாவது இரை காலியாகணும், அப்புறம்தான் ஏத்தணும், ஏத்தும்போது எல்லாத்தையும் ஒரே ராத்திரியில ஏத்தணும். யாரும் சீண்டாத அந்த ஒரு பொறியை ஏழாம் நாள் எடுத்துட்டோம்.

எட்டாம் ராத்திரி ஏத்தினோம். உள்ள வைக்கிற கடலையைக் குறைச்சு ரெண்டு பருப்பை மட்டும் நூலால கொக்கியோட சேத்து இறுக்கிக் கட்டிட்டோம். வெளிய ஒண்ணும் வைக்கலை. காலையில அஞ்சு எலி, ஸ்பிரிங்ல மூணு, கூண்டுல ரெண்டு. முதல் வாரம் ஆறு ராத்திரியில பூஜ்யம், இப்ப ஒரே ராத்திரியில அஞ்சு.

அறிகுறி 2: சுவர் ஓரமாத்தான் வச்சேன், இருந்தும் தாண்டிப் போகுது

சுவர் ஓரம்னா சுவரைத் தொட்டுக்கிட்டு. ஒரு சாண் இடைவெளி விட்டா எலி அந்த சந்துல புகுந்து போயிடும், அதுக்கு வேண்டியதே சந்துதானே. எலிக்கு உடம்போட ஒரு பக்கமாவது எதையாவது உரசிக்கிட்டு இருந்தாத்தான் நிம்மதி, மேலேர்ந்து ஆந்தையோ பூனையோ பாய முடியாத பக்கம் அது. அதனால திறந்த தரையைக் கடக்கணும்னாலும் குறுக்கு வழியில போகாம சுவரைப் பிடிச்சே சுத்திப் போகும். வளவு நடுவுல, பட்டாசாலை நடுவுலன்னு பொறி வைக்கிறது வீண்.

வைக்கிற திசை முக்கியம். ஸ்பிரிங் பொறியை சுவருக்குக் குறுக்க வைங்க, இரை வைக்கிற முனை சுவரை முட்டணும். அப்படி இருந்தா எலி இடது பக்கம் வந்தாலும் வலது பக்கம் வந்தாலும் அது ஓடுற வழியிலயே தகடு இருக்கும். சுவருக்கு இணையா நீளவாக்குல ஒண்ணை மட்டும் வச்சா ஒரு பக்கம் வர்ற எலி பின்பக்கமா ஏறி தாண்டிடும், இல்லைன்னா கம்பி சரியா கழுத்துல விழாம தூக்கி எறிஞ்சுடும், எறிபட்ட எலி அப்புறம் உங்க காலத்துல அந்தப் பொறியை நம்பாது. இணையாத்தான் வைக்க முடியும்னா ரெண்டு பொறியை முதுகுக்கு முதுகு வைங்க, இரை முனை ரெண்டும் ரெண்டு பக்கம் பாக்கணும்.

கூண்டு அதுக்கு நேர் எதிர். கூண்டோட நீளப் பக்கம் சுவரை ஒட்டி, வாய் எலி வர்ற திசையைப் பாத்து. ஓடி வர்ற எலி திரும்பாம நேரா உள்ள போற மாதிரி இருக்கணும். எந்தத் திசையிலேர்ந்து வருதுன்னு கோலமாவுத் தடத்துல விரல் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்தா தெரிஞ்சுடும். கூண்டு மேல ஒரு பழைய சாக்கு, இல்லை சுவர்ல சாய்ச்சு ஒரு பலகை, இருட்டா ஒரு குகை மாதிரி பண்ணிட்டா இன்னும் நல்லது, ஆனா அந்தப் பலகையையும் முதல் நாளே வச்சிடணும், நடுவுல கொண்டு வந்தா அதுவும் புதுசுதான். தூரம்னு பாத்தா தடத்துல பத்து பன்னெண்டு அடிக்கு ஒண்ணு போதும், நிறைய நடமாட்டம் இருக்கிற மூலையில ரெண்டு பக்கத்துல பக்கத்துல.

உத்தரத்துல, சுவர் தலைப்புல வைக்கிற பொறியைக் கம்பியால கட்டிடுங்க. நம்ம ஓட்டு வீட்ல மேல ஓடுறது பெரும்பாலும் கூரை எலி, அது கீழ அதிகம் இறங்காம மேலயே வாழும், தரையில மட்டும் எத்தனை பொறி வச்சாலும் பெருசா பிரயோஜனமில்லை. கட்டாம விட்டா அடிபட்ட எலி பொறியோட சேந்து கீழ இருக்கிறவங்க தலையில விழும், அதுவும் பந்தி நடக்கிற நேரத்துலதான் விழும்.

அறிகுறி 3: இரை மட்டும் காணோம், பொறி விழலை

பழக்குற நாள்ல இது நடந்தா சந்தோஷம், ஏத்துன அப்புறம் நடந்தா மூணு காரணம். ஒண்ணு, கொக்கி ரொம்ப இறுக்கம், ஒரு ஈர்க்குச்சியால லேசா தொட்டாலே விழணும், அழுத்துனாத்தான் விழும்னா துருவைத் தேச்சு, கொக்கி முனையை கொஞ்சம் வளைச்சு விடுங்க. ரெண்டு, இரை பெருசு. முழு வடையை வச்சா எலி ஓரத்தைக் கிள்ளிட்டுப் போயிடும், கடலைப் பருப்பு அளவு போதும், கட்டாயம் நூலால கட்டணும், அப்பதான் அது இழுத்துப் பிடுங்கும், பிடுங்குனாத்தான் பொறி விழும். மூணு, தின்னது எலியே இல்லை, எறும்பு, கரப்பான், இல்லைன்னா சுண்டெலி. பொறியைச் சுத்தி கோலமாவு போட்டா தெரியும், சுண்டெலி கால் தடம் சின்னதா உங்க சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும், புழுக்கை அரிசிமணி மாதிரி.

சுண்டெலின்னு தெரிஞ்சா இந்தப் பழக்குற கதையெல்லாம் பெருசா வேண்டாம், அதுக்கு அவ்வளவா பயம் கிடையாது, புதுசா எதைப் பாத்தாலும் வந்து மோந்து பாக்கும், முதல் ராத்திரியே ஏத்தலாம். சின்னப் பொறியா ஆறடிக்கு ஒண்ணுன்னு நெருக்கமா வைங்க, அது திரியுற எல்லை கம்மி. கூண்டுல நீட்டு மூக்கோட நாத்தம் அடிக்கிற ஒண்ணு மாட்டியிருந்தா அது மூஞ்சூறு, எலியே இல்லை, பூச்சி தின்ற பிராணி, வெளிய விட்டுடுங்க.

அறிகுறி 4: முதல் ராத்திரி விழுந்தது, அப்புறம் ஒண்ணுமே இல்லை

எங்களுக்கும் இதேதான். ஒன்பதாம் ராத்திரி ஒண்ணு விழுந்தது, பத்தாம் ராத்திரி எதுவும் இல்லை, பதினொண்ணாம் நாள் காலையில ஒரு ஸ்பிரிங் பொறி விழுந்து கிடந்தது, கம்பியில நாலு மயிர் மட்டும். தப்பிச்சுடுச்சு. ஆனா மாவுல தடம் இருக்கு, மேல சுவர் தலைப்புல மட்டும்.

இந்த நேரத்துல எல்லாரும் பண்ற தப்பு தினம் தினம் ஏத்திக்கிட்டே இருக்கிறது, பொறியை இங்கயும் அங்கயும் மாத்துறது. மாத்துற ஒவ்வொரு தடவையும் அது மறுபடி புதுப் பொருள். தப்பிச்ச எலி பயப்படுறது பொதுவா எலிப்பொறிக்கு இல்லை, அதை அடிச்ச அந்த மாதிரிப் பொறிக்கு. அதனால நாங்க ஸ்பிரிங் பொறி எல்லாத்தையும் எடுத்துட்டோம், மேல சுவர் தலைப்புல ஒரு கூண்டை மட்டும் கதவைக் கட்டி வச்சோம், இந்த தடவை இரையும் மாத்தி, அது ஏற்கனவே கடிச்சுக்கிட்டு இருந்த கொப்பரைச் சில்லு. நாலு ராத்திரி ஏத்தலை. மூணாவது ராத்திரியும் நாலாவது ராத்திரியும் சில்லு காலி. அஞ்சாவது ராத்திரி ஏத்தினோம், மாட்டிக்கிச்சு. மொத்தம் ஏழு. அதுக்கப்புறம் மூணு ராத்திரி மாவு தூவிப் பாத்தோம், ஒரு தடமும் இல்லை.

அறிகுறி 5: போன வருஷம் விஷம் வச்சோம், இப்ப அதே தீனியைத் தொடவே மாட்டேங்குது

எலியால வாந்தி எடுக்க முடியாது, அதனால புதுத் தீனி எதுவா இருந்தாலும் முதல்ல துளியூண்டு கடிச்சுப் பாத்துட்டு விட்டுடும். வயித்துக்கு ஒத்துக்கலைன்னா அந்த ருசியை அப்புறம் தொடாது. 1955-ல ஜான் கார்சியான்னு ஒருத்தர் எலிக்கு இனிப்புத் தண்ணி கொடுத்து கதிர்வீச்சுல உடம்பு சரியில்லாம பண்ணிப் பாத்தாரு, அப்புறம் அந்த இனிப்பையே ஒதுக்கிடுச்சு. தின்னு சில மணி நேரம் கழிச்சு உடம்பு கெட்டாலும் எலி காரணத்தை சரியா தீனி மேலதான் போடும்னு பிறகு வந்த சோதனைகள்ல தெரிஞ்சது.

கடையில விக்கிற கருப்புப் பொடி ஜிங்க் பாஸ்பைடு இதுக்கு நல்ல உதாரணம். தின்ன சில மணி நேரத்துல வேலை செய்யும், ஆனா பழக்காம வச்சா நிறைய எலி துளி கடிச்சு வயித்து வலியோட தப்பிச்சுடும், அப்புறம் எந்தத் தீனியில கலந்தீங்களோ அந்தத் தீனியே அதுக்கு எதிரி. தேங்காயில கலந்து வச்சிருந்தா பொறிக்கும் தேங்காய் உதவாது, கடலைக்கோ கருவாட்டுக்கோ மாறுங்க. கல்யாண வீட்ல விஷம் வைக்கிறதை நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், உத்தரத்து இடுக்குல செத்து நாறுனா ஓட்டைப் பிரிச்சுத்தான் எடுக்கணும், பிள்ளைங்க வேற ஓடித் திரியும். ஒட்டுற கம் அட்டையும் எனக்குப் பிடிக்கலை, பழைய வீட்டுத் தூசியில ரெண்டு நாள்ல பசை போயிடும், மாட்டுறது பூரா பல்லி.

அறிகுறி 6: கூண்டே கவுந்து கிடக்கு, இல்லை இழுத்துட்டுப் போயிருக்கு

பெருச்சாளி. கொல்லையில, சாக்கடை ஓரத்துல மண்ணைத் தோண்டி வெளிய குவிச்சிருக்கும். அதுக்கு இந்த சின்னக் கூண்டு பத்தாது, பெரிய கனமான கூண்டா வாங்கி மேல கல்லு வச்சு, வளை வாய்க்குப் போற சுவர் ஓரத்துல வைங்க, பழக்குற முறை அதேதான், நாள் மட்டும் கூட ஆகலாம்.

எல்லாரும் கேக்குற ரெண்டு கேள்வி

கை வாசனை படக்கூடாதா? வீட்டு எலி தினமும் உங்க வாசனையிலதான் வாழுது, அதுக்கு அது பழகிப் போனது. கையுறை போடுங்க, ஆனா எலிக்காக இல்லை, எலிக்காய்ச்சல் உங்களுக்கு வரக்கூடாதுன்னு. புழுக்கையைக் காஞ்சபடி விளக்குமாத்தால கூட்டாதீங்க, பிளீச்சிங் பவுடர் தண்ணி தெளிச்சு நனைச்சு அள்ளுங்க. பொறியை வெறும் தண்ணியில கழுவி வெயில்ல காய வச்சாப் போதும், பினாயில் போட்டுப் பளபளன்னு ஆக்கினா அது மறுபடி புதுப் பொறி வாசனைதான்.

கூண்டுல மாட்டுனதை எங்க விடுறது? அடுத்த தெருவுல விட்டா திரும்பி வரும், இல்லை அடுத்த வீட்டுக்காரருக்குப் போகும். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விட்டாலும் பழகாத இடத்துல பெரும்பாலும் தாக்குப் பிடிக்காது, அதைத் தெரிஞ்சுக்கிட்டே விடுங்க. எங்க வீட்ல கூண்டுல விழுந்ததை அண்ணே சைக்கிள்ல கட்டிட்டுப் போனாரு, நான் கேக்கலை, அவரும் சொல்லலை.

ஏழாவது எலி போனதுக்கு அப்புறம்தான் கதவு நிலைக்குக் கீழ இருந்த இடுக்கை அளந்தோம், கட்டை விரல் நுழையுற அளவு, எலிக்கு அது தாராளம். தகரம் அடிச்சாச்சு. ஓட்டுக்கும் சுவர் தலைப்புக்கும் நடுவுல இருக்கிற சந்துக்கு சின்னக் கண்ணு கம்பி வலை. கல்யாணம் முடிஞ்சு வீட்டைப் பூட்டுறப்ப மூணு கூண்டையும் பரண்ல ஏத்தப் போனேன், அண்ணே வாங்கி அதே சுவர் ஓரத்துல அதே திசையில வச்சு, கதவைக் கம்பியால கட்டி, உள்ள ரெண்டு கடலையும் போட்டாரு. "கிடக்கட்டும் தம்பி, வர்றதுங்க வந்து தின்னு பழகட்டும், நீங்க பொங்கலுக்கு வர்ற அன்னிக்கு கம்பியை மட்டும் அவுத்து விட்டுருவோம்"னாரு.